வாடகை வரவை ஒரு சாதாரண ஷீட்டில் சரிபார்ப்பது: 5 வருட அனுபவம்

எங்கள் குடும்பத்துக்குப் பொதுவாக ஆறு வீடுகள் இருக்கின்றன. வாடகை எல்லாம் ஒரே வங்கிக் கணக்குக்கு வருகிறது. கணக்கு பார்ப்பது என் வேலை. அண்ணனும் அக்காவும் எப்போது கேட்டாலும் யார் எந்த மாதம் வரைக்கும் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்ல வேண்டும். இதற்காக 5 வருடமாக ஒரே ஷீட்டைப் பயன்படுத்துகிறேன். முதல் வருடம் அது என்னைப் பல தடவை ஏமாற்றியது. அப்புறம் திருத்தித் திருத்தி, இப்போது மாதம் அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது.

ஷீட்டில் மூன்று பக்கம்தான். `Units` பக்கத்தில் ஆறு வீடுகளின் குறியீடுகள். `Due` பக்கத்தில் வீட்டுக்கு வீடு, மாதத்துக்கு மாதம் ஒரு வரி: மாதம், வீடு, வர வேண்டிய தொகை, வந்தது, மீதி. `Bank` பக்கத்தில் ஸ்டேட்மென்ட்டை அப்படியே ஒட்டுவேன்: A தேதி, B தொகை, C பணம் அனுப்பியவர் எழுதிய குறிப்பு. பக்கத்தில் நான் நிரப்புவது D வீடு, E மாதம், F அந்த மாதத்துக்கு ஒதுக்கிய தொகை. `Due` பக்கத்தில் "வந்தது" என்ற கட்டத்தில் இருக்கும் ஃபார்முலா இது:

```
=SUMIFS(Bank!F:F, Bank!D:D, B2, Bank!E:E, A2)
```

மாதத்தை 2407 என்று நான்கு இலக்க எண்ணாக எழுதுகிறேன். 2024-07 என்று எழுதிப் பார்த்தேன். ஷீட் அதைத் தேதியாக மாற்றிக்கொண்டது. ஒரு பக்கம் தேதி, இன்னொரு பக்கம் எழுத்து என்று ஆகிவிட்டால் பொருந்தாமல் போகலாம், கட்டிய வீடும் கட்டவில்லை என்று காட்டும்.

குறிப்பிலிருந்து வீட்டைக் கண்டுபிடிப்பதில்தான் அதிகம் அடிபட்டேன். எல்லோரிடமும் "அனுப்பும்போது வீட்டுக் குறியீட்டைப் போடுங்கள்" என்று சொல்லியிருந்தேன். ஆரம்பத்தில் வீடுகளுக்கு R1, R2 என்று பெயர். ஒற்றை இலக்கம் என்பதால் விரல் கொஞ்சம் தவறினால் போதும், பக்கத்து வீட்டுக் கணக்கில் போய் விழும். அதனால் R14, R27, R35, R42, R58, R63 என்று மாற்றினேன். இந்த எண்களில் எந்த இரண்டை எடுத்தாலும் இரண்டு இலக்கமும் வேறு. இலக்கம் ஒன்று தப்பாக விழுந்தாலோ இடம் மாறினாலோ, வருவது இல்லாத வீட்டின் எண்ணாக இருக்கும். தப்பு வெளியே தெரியும், இன்னொரு வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளாது. பூஜ்யத்தையும் தவிர்த்தேன், பாதிப் பேர் அதற்குப் பதில் O என்ற எழுத்தைப் போடுவார்கள்.

சிலர் "R 14" என்று நடுவே இடைவெளி விட்டு எழுதினார்கள். சரி, தேடுவதற்கு முன் இடைவெளியை எல்லாம் நீக்கிவிடலாம் என்று ஃபார்முலாவில் சேர்த்தேன். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். ஏப்ரல் 14 அன்று ஒருவர் குறியீடு போடாமல் "RENT APR 14" என்று மட்டும் எழுதி அனுப்பினார். இடைவெளி போனதும் அது RENTAPR14. அதற்குள் R14 உட்கார்ந்திருக்கிறது! பணம் 14-ஆம் எண் வீட்டுக்கு வரவானது, அனுப்பியவரோ 58-இல் இருப்பவர். இரண்டு வீட்டுக்கும் அப்போது ஒரே வாடகை. அதனால் தொகையைப் பார்த்தும் சந்தேகம் வரவில்லை. 58-இல் இருப்பவருக்குப் போன் செய்து "இந்த மாதம் இன்னும் வரவில்லையே" என்று கேட்டு, அவர் அனுப்பிய ரசீதைப் பார்த்து அசடு வழிந்ததுதான் மிச்சம்.

மார்ச்சுக்கும் இதே வம்பு உண்டு. அன்றைக்கே R-ஐத் தூக்கிவிட்டு K வைத்தேன். K-யில் முடியும் மாதச் சுருக்கம் ஆங்கிலத்தில் இல்லை. இப்போதைய ஃபார்முலா இப்படி:

```
=IFERROR(INDEX(Units!A$2:A$7, MATCH(TRUE,
 ISNUMBER(SEARCH(Units!A$2:A$7,
 SUBSTITUTE(C2," ",""))), 0)), "?")
```

பழைய எக்ஸெல் என்றால் இதை Ctrl+Shift+Enter அழுத்தி உள்ளிட வேண்டும். இதில் ஒரு குழியும் இருக்கிறது. `Units` பட்டியலில் நடுவே ஒரு கட்டம் காலியாக இருந்தால், அது எல்லாக் குறிப்போடும் பொருந்திவிடும், ஏனென்றால் SEARCH வெற்று எழுத்தை எங்கே தேடினாலும் கிடைத்ததாகவே சொல்லும். அதனால் A2 முதல் A7 வரை என்று சரியாக ஆறு கட்டங்களோடு நிறுத்தியிருக்கிறேன்.

இந்த ஃபார்முலாவை D-யில் வைக்கவில்லை, H-இல் வைத்திருக்கிறேன். H சொல்வது யோசனை. D-யில் என் கையால் தட்டச்சு செய்கிறேன். ஆறு வீட்டுக்கு ஆறேழு வரிதான், இதில் என்ன சோம்பல்? ஏப்ரல் சம்பவத்துக்குப் பிறகு இந்தப் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவே இல்லை.

குறிப்பில் இருக்கும் வீட்டு எண்ணை ஓரளவு நம்பலாம். மாதத்தை நம்பவே கூடாது. 35-ஆம் எண் வீட்டில் இருந்தவர் மாதாமாதம் தானாகவே பணம் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்திருந்தார். ஏற்பாடு செய்த மாதம் மார்ச். அதன் பிறகு ஏப்ரல், மே, ஜூன் என்று எப்போது பணம் வந்தாலும் குறிப்பு "K35 MAR"தான். அதைப் பொய் என்றும் சொல்ல முடியாது, மார்ச்சில் எழுதியது அப்படியே வந்துகொண்டிருக்கிறது. குறிப்பை நம்பி E-யை நிரப்பியிருந்தால் மார்ச்சில் நான்கு மடங்கு வரவும், மற்ற மாதங்களில் பூஜ்யமும் இருந்திருக்கும்.

ஆகவே என் வழக்கம் இது: அனுப்பியவர் அந்த மாதமே கையால் எழுதியது என்று தெரிந்தால் அவர் சொன்ன மாதம், இல்லையென்றால் நிலுவையில் இருப்பதிலேயே பழைய மாதம். இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஏதோ பழுதுக்காக ஒரு மாதம் வேண்டுமென்றே குறைத்துக் கொடுத்து, அடுத்த மாதத்திலிருந்து முழுதாகக் கட்டுகிறவர் இருப்பார். பழைய மாதம் முதலில் என்று ஒதுக்கினால் அந்தக் குறை மாதாமாதம் நகர்ந்து, எப்போதும் கடைசி மாதத்தில்தான் தெரியும். எந்த மாதத் தகராறு என்பதே மறந்துபோகும். அந்த மாதிரி நேரத்தில் குறையை அதே மாதத்தில் விட்டுவிட்டு, G-யில் காரணத்தை எழுதி வைக்கிறேன்.

அதே 35-ஆம் எண் வீட்டுக் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். வாடகை 8,500. 2024 ஜூலையிலிருந்து 9,000 என்று பேசி முடித்தோம். நான் போய் `Units` பக்கத்தில் வாடகையை 9,000 ஆக்கினேன். அடுத்த நொடி அவருடைய பழைய மாதங்கள் எல்லாவற்றிலும் 500 பாக்கி! காரணம், `Due` பக்கத்தில் வர வேண்டிய தொகையை `Units`-இலிருந்து எடுக்கும்படி ஃபார்முலா போட்டு வைத்திருந்தேன். இன்றைய வாடகை மாறினால் நேற்றைய கணக்கும் மாறிவிடும். இப்போது `Units`-இல் வாடகையே கிடையாது. மாத ஆரம்பத்தில் ஆறு வரிகளை எண்களாகவே எழுதுகிறேன்.

ஜூலையில் அவருடைய தானியங்கி ஏற்பாடு பழையபடி 8,500 அனுப்பியது. 500 குறை. ஆகஸ்ட்டில் அதை நிறுத்திவிட்டு அவரே 10,000 அனுப்பினார். குறிப்பு "K35 AUG + BAL". ஆகஸ்ட்டுக்கு 9,000, ஜூலைக் குறை 500, ஆக 9,500. அப்படியானால் இன்னொரு 500 எதற்கு?

ஒரே வரவைப் பல மாதத்துக்குப் பிரிக்கும்போது வரியை நகல் எடுப்பேன். B-யில் 10,000 முதல் வரியில் மட்டும் இருக்கும், மற்ற வரிகளில் B காலி. F-இல் 500, 9,000, 500 என்று மூன்று வரி. மாதம் 2407, 2408, மூன்றாவதற்கு "?". B-யையும் நகல் எடுத்துவிட்டால் 10,000 வந்தது 30,000 ஆகிவிடும். ஒரு தடவை அப்படி ஆக்கியிருக்கிறேன். B-யின் மொத்தமும் F-இன் மொத்தமும் ஒன்றாக இருக்கிறதா என்று மேலே ஒரு கட்டம் சதா பார்த்துக்கொண்டிருக்கும்.

போன் செய்தேன். "ஜூனுக்கும் சேர்த்துத்தானே சார்?" என்றார். வாடகை ஏறியது ஜூனிலிருந்து என்று நினைத்திருக்கிறார். ஜூலை என்று சொன்னதும், "சரி, அப்புறம் கழித்துக்கொள்ளலாம்" என்றார். "?" இருந்த இடத்தில் 2409 போட்டேன். செப்டம்பரில் அவர் 8,500 அனுப்பியிருக்க வேண்டும், ஆனால் அதற்குள் 9,000-க்குப் புதிதாகத் தானியங்கி ஏற்பாடு செய்துவிட்டார். அந்த 9,000-இல் 8,500 செப்டம்பருக்கு, 500 அக்டோபருக்கு என்று பிரித்தேன். இப்படியே அந்த 500 மாதம் மாதமாக நகர்ந்து, அவர் காலி செய்த அன்றுதான் கணக்கிலிருந்து இறங்கியது.

முதல் வருடம் ஸ்டேட்மென்ட்டில் வரவு வரிகளை மட்டும் எடுத்து ஒட்டினேன். ஒரு பரிமாற்றம் வந்த மறுநாளே திரும்பிப் போயிருந்தது. திரும்பிப் போனது பற்று வரியாக இருந்ததால் என் ஷீட்டில் இல்லை. இரண்டு மாதம் வரை அந்த வீடு கட்டிவிட்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பற்று வரிகளையும் கழித்தல் குறியோடு ஒட்டுகிறேன். பணம் திரும்பியிருந்தால் அந்த வீட்டின் எண்ணும் மாதமும், மற்றச் செலவுகள் என்றால் D-யில் X. மாதத்தின் B மொத்தம், வங்கி காட்டும் இறுதி இருப்பிலிருந்து முந்தைய மாத இறுதி இருப்பைக் கழித்தால் வருவதோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வேறு எதையும் தொடுவதில்லை.

ஒத்துப்போகாததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: இரண்டு முறை இறக்கிய ஸ்டேட்மென்ட்டில் கடைசி நாள் இரட்டித்திருக்கும். ஒரே தேதி, ஒரே தொகை என்று இரண்டு வரி இருந்தால் எது நகல் என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேர் ஒரே நாளில் ஒரே வாடகையை அனுப்பியிருக்கலாமே. வங்கி ஒவ்வொரு வரியிலும் காட்டும் இருப்புத் தொகையையும் I-யில் ஒட்டிவைத்தால் இது தெரிந்துவிடும். இருப்பும் ஒன்றாக இருந்தால் நகல், வேறாக இருந்தால் உண்மையிலேயே இரண்டு வரவு.

இந்த ஷீட்டால் தீராத விஷயமும் இருக்கிறது. சில வங்கிகளிலிருந்து வரும்போது குறிப்பு பாதியிலேயே வெட்டுப்படுகிறது, சில நேரம் வெறும் பெயர்தான் வருகிறது. அதனால் குறியீட்டை முதலில் எழுதச் சொல்கிறேன். மைத்துனர் கணக்கிலிருந்து அனுப்புகிறவர் ஒருவர் இருக்கிறார். அந்தப் பெயரை வீட்டோடு சேர்த்து `Units`-இன் ஓரத்தில் குறித்து வைத்திருக்கிறேன். ஆறு வீட்டுக்கு இது போதும். அறுபது வீடு என்றால் D-யைக் கையால் நிரப்பும் பொறுமை எனக்கு இருக்காது, வேறு ஏதாவது மென்பொருளைத்தான் பார்ப்பேன். போன மாதம் "?" இரண்டே வரியில்தான் வந்தது, அதில் ஒன்று மைத்துனர்.