கல்யாணத்துக்கு முடி தைத்துக்கொள்ளப் போகிறீர்களா? தர்மபுரியில் எங்களுக்கு நடந்ததைப் படித்துவிட்டுப் போங்கள்

தர்மபுரி டவுனில் ஒரு பியூட்டி பார்லரில் என் அக்கா மகளுக்குக் கல்யாணத்துக்காக முடி தைத்தார்கள். இன்று அவளுக்கு இரண்டு காதுக்கும் மேலே, ஒரு விரல் அகலத்துக்கு முடி இல்லை. புகார் போய்க்கொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆனால் அங்கே சொன்ன அதே வசனத்தை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

தை மாதம் முகூர்த்தம். அவளுக்கு முடி தோள் வரைக்கும்தான். ஜடை நீளமாகத் தெரிய வேண்டும், மறுவீட்டு விருந்துகளுக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பார்லரில் கிளிப் முடியும் இருந்தது. "கிளிப்பெல்லாம் ஒரு நாள் கூத்துமா, தையல் போட்டுக்கோ, நாலு மாசம் கவலையே இல்லை. குளி, தூங்கு, எண்ணெய் வை, ஒண்ணும் ஆகாது" என்றார் அந்தப் பெண்மணி. நூற்றிருபது கிராம் ஒரிஜினல் திருப்பதி முடி என்று சொல்லிப் பதினெட்டாயிரம் வாங்கினார். பில் கேட்டதற்கு, கல்யாண பேக்கேஜோடு சேர்த்துத் தருகிறேன் என்றார். கடைசி வரை தரவில்லை.

தையல் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்காக. சொந்த முடியைக் காதுக்குக் காது குறுக்கே, தலைத்தோலோடு ஒட்டி, வரப்பு வரப்பாக இறுக்கிப் பின்னுவார்கள். பட்டையாகத் தைத்து வைத்திருக்கும் முடியை அந்தப் பின்னல் மேல் வைத்து, வளைந்த ஊசியால் நூல் போட்டுத் தைத்துவிடுவார்கள். மேலே இருக்கும் சொந்த முடி அதை மூடிக்கொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை.

அன்று இரவே அவளால் தலையணையில் தலை வைக்க முடியவில்லை. நெற்றி ஓரத் தோல் மேலே இழுபட்டுப் புருவம் தூக்கினாற்போல இருந்தது. போன் செய்தால், "புதுசுல அப்படித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல செட் ஆயிடும்" என்றார்கள். வலி ஒரு வாரத்தில் குறைந்ததும் உண்மை. ஆனால் வலி குறைந்தால் இழுப்பு நின்றுவிட்டது என்று அர்த்தம் இல்லை. வலிக்கிற அளவுக்குப் பின்னியிருந்தால் அன்றைக்கே அவிழ்த்துத் தளர்வாகப் பின்னித் தர வேண்டும். இதைப் பிறகு டாக்டர்தான் சொன்னார், பார்லரில் யாரும் சொல்லவில்லை.

எடை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பூ வியாபாரம், கிராம் கணக்கில் நிறுக்கும் மெஷின் எப்போதும் திண்ணையில் இருக்கும். வைகாசியில் முடியை எடுத்த அன்று அந்தப் பட்டைகளை வாங்கி வந்து காய வைத்து நிறுத்தேன். 234 கிராம். சொன்னதில் கிட்டத்தட்ட இரட்டிப்பு. ஒவ்வொரு வரிசையிலும் பட்டையை இரண்டாக மடித்துத் தைத்திருந்தார்கள். முடி மட்டமானது, நுனிக்குப் போகப் போக மெலிந்துவிடும், அதனால் அடர்த்தியாகக் காட்ட எடையைக் கூட்டியிருக்கிறார்கள். திருப்பதி முடி என்று சொன்னதும் பொய்தான். கோயிலில் மழித்து எடுக்கும் முடியில் வேர்ப்பக்கம் எல்லாம் ஒரே திசையில் இருக்கும்படி சேர்த்துக் கட்டலாம். சீப்பில் வரும் சிக்கு முடியைச் சேர்த்துச் செய்ததில் வேரும் நுனியும் மாறி மாறிக் கிடக்கும், மேலே பூசிய பளபளப்பு நாலு தடவை அலசினால் போய் ஒன்றோடொன்று பிணைந்துகொள்ளும். இது இரண்டாவது மாதமே சிக்குப் பிடித்துவிட்டது. சிக்கெடுக்க சீப்பைப் போட்டு இழுக்கும்போதெல்லாம் அந்த இழுப்பும் வேருக்குத்தான் போகும்.

எடையைக் காட்டிக் கேட்டபோது பார்லரில் சொன்ன பதில் இது: "ஒரு முடி நூறு கிராம் வரைக்கும் தாங்கும், தலையில லட்சம் முடி இருக்கு, இருநூறு கிராம் என்ன பெரிசு?"

கேட்கும்போது சரியாகத்தான் படும். நல்ல முடி ஒன்று அறுபட அந்தக் கிட்டத்தில் எடை வேண்டும் என்பதும், தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கும் என்பதும் பொய்யில்லை. ஆனால் இங்கே அறுபடுவது பிரச்சினையே இல்லை. சாதாரணமாக ஒவ்வொரு முடியும் தன் எடையை மட்டும் சுமக்கிறது. தைத்த பிறகு, பட்டையின் மொத்தக் கனமும் பின்னலுக்குள் போன முடிகள் மேல்தான், அதிலும் பின்னல் தொடங்குகிற காதோர முடிகள் மேல்தான் அதிகமாக விழுகிறது. அங்கே முடி இயல்பாகவே மெல்லிசு. மாடு கட்டிய முளைக்குச்சி ஒரே இழுப்பில் வராது, நாள் முழுக்க ஆட்டிக்கொண்டே இருந்தால் குழி அகண்டு தானே வந்துவிடும். வேர்க்காலிலும் அதுதான் நடக்கிறது. விடாமல் இழுபடும் வேர்க்காலில் முதலில் வீக்கம் வருகிறது, முடி வளர்வதை நிறுத்தி உதிரும் நிலைக்குப் போகிறது. அதற்கும் பிறகு இழுப்பு மாதக்கணக்கில் தொடர்ந்தால் வேர்க்கால் இருந்த இடத்தில் தழும்புதான் மிஞ்சும்.

மாதங்கள் ஏன் முக்கியம் என்றால், சொந்த முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. தைத்த பட்டை வளராது. நாலு மாதத்தில் அது தோலை விட்டு நாலு சென்டிமீட்டர் கீழே இறங்கித் தொங்கும். முதலில் தோலோடு படிந்திருந்த கனம் இப்போது ஊஞ்சல் மாதிரி ஆடும், படுத்தால் முறுக்கும், ஸ்கூட்டியில் போனால் காற்றுக்கு இழுக்கும். பின்னலும் ஒரே சீராகத் தளராது, சில முடிகள் மட்டும் முழுக் கனத்தையும் பிடித்துக்கொண்டு நிற்கும். தலைக்குக் குளித்தால் முடி தண்ணீரைக் குடித்து இன்னும் கனக்கும், அடியில் இருக்கும் பின்னல் காயவே பாதி நாள் ஆகும். அதனால்தான் இந்தத் தையல் முடியை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அந்தத் தொழிலிலேயே இருக்கும் கணக்கு. "நாலு மாசம் கவலையே இல்லை" என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

அறிகுறிகள் எல்லாம் நடுவிலேயே வந்திருந்தன. பின்னல் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். வெயில் காலம், சூட்டுக் கட்டி என்று விட்டார்கள். அப்புறம் காவேரிப்பட்டணத்தில் அவள் மாமியார் காதோரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பார்த்துவிட்டு, ஈர் பிடித்திருக்கிறது என்று பேன் மருந்தே போட்டுவிட்டார். பாவம், அவர் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். அது ஈர் இல்லை. விடாமல் இழுபடும் முடியைச் சுற்றி, வேரிலிருந்து உரிந்த தோல் சின்னக் குழாய் மாதிரி ஒட்டியிருக்கும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு விரல் நகத்தால் பிடித்து நுனிப்பக்கமாக நகர்த்திப் பாருங்கள். ஈர் முடியோடு பசை போட்டாற்போல ஒட்டி நிற்கும், அசையாது. இது வழுக்கிக்கொண்டு நுனி வரை வரும். தைத்த முடி, இறுக்கிய கொண்டை, வருடக்கணக்கில் இறுக்கிப் போட்ட ஜடை எதுவாக இருந்தாலும் இதைப் பார்த்தால் இழுப்பு அதிகம் என்றுதான் அர்த்தம்.

எடுத்த விதம் அதைவிட மோசம். நூலை வெட்டிப் பட்டையைக் கழற்றியதும் நேராக ஷாம்பு போட்டு அலசிவிட்டார்கள். நாலு மாதமாக உதிர்ந்த முடி கீழே விழ வழியில்லாமல் பின்னலுக்குள்ளேயே கிடக்கும். பின்னலை அவிழ்த்த பிறகு, காய்ந்த நிலையிலேயே கொஞ்சம் எண்ணெய் தொட்டு, நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுத்து, உதிர்ந்ததை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் காட்ட வேண்டும். இவர்கள் நனைத்ததும் அது சடை பிடித்து, கடைசியில் பின்மண்டையில் ஒரு கொத்தைக் கத்தரிக்கோலால் வெட்டினார்கள். கையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு உருண்டை. "தினமும் அம்பது, நூறு முடி கொட்டுறது எல்லாருக்கும் சகஜம்தானே, அதுதான் சேர்ந்திருக்கு" என்றார்கள். அதிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்த உருண்டையை வைத்து எதையும் சொல்ல முடியாது, தலையைத்தான் பார்க்க வேண்டும். இயல்பாகக் கொட்டினால் தலை முழுக்கப் பரவலாகக் கொட்டும். இவளுக்குப் பின்னல் போன தடத்திலேயே கோடு கோடாகத் தோல் தெரிந்தது. காதுக்கு மேலே வெற்றிடம், அதற்கு முன்னால் ஓரத்தில் மட்டும் பூனைமுடி வரிசையாக நின்றது. பின்னலுக்குள் போகாத குட்டை முடி அது, அதனால் தப்பித்துக்கொண்டது.

இவ்வளவுக்கும் பிறகு முடி வளர சீரம் என்று ஒரு பாட்டிலை இரண்டாயிரத்துக்கு விற்கப் பார்த்தார்கள்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் கையடக்க லென்ஸ் ஒன்றைத் தலையில் வைத்து ஒவ்வொரு இடமாகப் பார்த்தார். தோலில் முடித்துளைகள் தெரிகிற இடத்தில் முடி திரும்ப வரும், அதற்கே ஆறு மாதம் போல ஆகும் என்றார். துளையே தெரியாமல் மழமழவென்று மினுங்கும் இடம் இருந்தால் அங்கே எந்த மருந்தும் பிரயோசனப்படாது. இவளுக்கு வலது காதுக்கு மேலே ஒரு சின்ன இடம் சந்தேகம், மற்றதெல்லாம் வந்துவிடும் என்றார். வீக்கத்துக்கு ஒரு லோஷன் கொடுத்தார். முடி வளரத் தடவும் மினாக்சிடில் மருந்தை எழுதப் போனவர், குழந்தைக்குத் திட்டம் இருக்கிறதா என்று கேட்டு நிறுத்திவிட்டார். கர்ப்ப காலத்தில் அதைத் தவிர்க்க வேண்டுமாம். புதுசாகக் கல்யாணமான பெண்கள் மெடிக்கல் ஷாப்பில் தாங்களாகவே வாங்கித் தடவுகிறார்கள், கவனம்.

கல்யாணம், ரிசப்ஷன் என்று ஒரு நாள் தேவைக்கு கிளிப் முடியே போதும். மண்டபத்திலிருந்து வந்ததும் கழற்றிவிடுங்கள், போட்டபடி தூங்க வேண்டாம். தினமும் போடுகிறவர்கள் கிளிப் கடிக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே இருங்கள், ஒரே இடத்தில் போட்டால் அங்கேயும் திட்டுத்திட்டாகப் போகும். போடும் முன் எடையை உங்கள் கண்ணெதிரே நிறுக்கச் சொல்லுங்கள். ஏற்கனவே காதோரம் முடி மெலிந்திருப்பவர்களுக்குத் தையல் வேண்டவே வேண்டாம்.

பணத்தைப் பற்றி. பார்லரில் முதலில் ஐந்தாயிரம் திருப்பித் தருகிறேன் என்றார்கள், பிறகு போனே எடுக்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். பில் இல்லை என்று பயப்பட வேண்டாம், ஜிபே-யில் பணம் போன பதிவும், "120 கிராம், நாலு மாசம் தாங்கும்" என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜும், மருத்துவமனைச் சீட்டும் கையில் இருக்கின்றன. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், இந்தத் தொகைக்கு மனுக் கட்டணமும் கிடையாது. அந்த 234 கிராம் முடியையும் கவரில் போட்டு, தேதி எழுதி, ஒட்டி வைத்திருக்கிறேன்.