குறளுக்குள் ஒரு சொல்: நேரடித் தேடலா, சஃபிக்ஸ் அரேயா, சஃபிக்ஸ் ட்ரீயா?

திருக்குறள் முழுவதும் ஒரே கோப்பாக இருக்கிறது. அதில் ‘உலகு’ என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் எடுக்க வேண்டும். சொற்களை அகரவரிசையில் அடுக்கி வைக்கும் பட்டியல் இதற்கு உதவாது. முதல் குறள் ‘உலகு’ என்று முடிகிறது, இருபதாவது குறளிலோ அது ‘உலகெனின்’ என்று சேர்ந்து நிற்கிறது. புணர்ச்சியில் மறைந்த சொல்லைப் பிடிக்க, ‘உலக’ என்ற மூன்று யூனிகோடு குறிகள் எந்தச் சொல்லின் நடுவில் வந்தாலும் கண்டுபிடிக்கும் தேடல் வேண்டும். அப்படித் தேட மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி நேரடித் தேடல். பைத்தானில் `t.find("உலக", i)` என்று எழுதி, கிடைத்த இடத்துக்கு அடுத்த இடத்தை `i`-ஆக வைத்துத் திரும்பத் திரும்ப அழைத்தால் உரையைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை பார்த்துவிடும். முன்தயாரிப்பு எதுவும் இல்லை, கூடுதல் நினைவகமும் வேண்டாம். உரையின் நீளம் ஒரு லட்சம் குறிகள் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு கேள்விக்கும் ஏறத்தாழ ஒரு லட்சம் இடங்களைக் கடக்க வேண்டும். பத்துக் கேள்விகளே கேட்கப்போகிறீர்கள் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஆனால் பொருளடைவு தயாரிப்பவர் ஆயிரக்கணக்கான கேள்விகளை அதே உரையிடம் கேட்பார். அவருக்குத்தான் சஃபிக்ஸ் அரே.

உரையின் ஓர் இடத்தில் தொடங்கிக் கடைசிவரை போகும் துண்டை வால் என்று அழைப்போம். எந்தச் சொல்லும் ஏதோ ஒரு வாலின் தொடக்கமாகத்தான் இருக்க முடியும். ஆகவே எல்லா வால்களையும் அகராதி போல வரிசைப்படுத்திவிட்டால், ஒரே தொடக்கம் கொண்டவை பக்கத்துப் பக்கத்தில் வந்து சேர்கின்றன. வால்களைச் சேமிக்க வேண்டியதில்லை, அவை தொடங்கும் இடங்களின் எண்களே போதும். ஊதி மான்பரும் ஜீன் மையர்ஸும் 1990-இல் முன்வைத்த கருத்து இது.

‘படபடப்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு ஆறு எழுத்து, யூனிகோடுக்கு எட்டுக் குறி: ப, ட, ப, ட, ப, புள்ளி, ப, உகரக் குறி.

```python
t = "படபடப்பு"
sa = sorted(range(len(t)), key=lambda i: t[i:])
# [1, 3, 0, 2, 6, 4, 7, 5]
```

1, 3 இரண்டும் ‘ட’வில் தொடங்கும் வால்கள். 0, 2, 6, 4 நான்கும் ‘ப’வில் தொடங்குகின்றன. 0-இல் ‘படபடப்பு’, 2-இல் ‘படப்பு’, 6-இல் ‘பு’, 4-இல் ‘ப்பு’. கடைசி இரண்டும் உகரக் குறியிலும் புள்ளியிலும் தொடங்குபவை. தமிழ்ச் சொல் எதுவும் துணைக்குறியில் தொடங்காது என்பதால் அந்த இரண்டையும் பட்டியலில் சேர்க்காமலே விடலாம். தமிழ் உரையில் இது கணிசமான சேமிப்பு.

தேடுவது அகராதியைப் பாதியில் பிரித்துப் பார்ப்பது போலத்தான்:

```python
from bisect import bisect_left, bisect_right

def find(p):
    k = lambda i: t[i:i+len(p)]
    a = bisect_left(sa, p, key=k)
    b = bisect_right(sa, p, key=k)
    return sorted(sa[a:b])
```

`find("படப")` தரும் விடை `[0, 2]`. ஒரு லட்சம் குறி கொண்ட உரையிலும் ஒவ்வோர் எல்லைக்கும் 17 ஒப்பீடுகள்தான், இரண்டுக்கும் சேர்த்து 34. வரிசைப்படுத்தும்போது ஏறத்தாழ 17 லட்சம் ஒப்பீடுகள் ஆகியிருக்கும். அதாவது, எண்ணிக்கை அளவில் பார்த்தால் நேரடித் தேடலின் பதினேழு கேள்விகளுக்கு ஆகும் உழைப்பு. அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொன்றும் ஆதாயம்.

மேலே எழுதிய ஒற்றை வரி வரிசைப்படுத்தலில் ஒரு பள்ளம் இருக்கிறது. `t[i:]` ஒவ்வொரு வாலையும் நகலெடுக்கிறது. மொத்த நகல் `n²/2` குறிகள், தமிழுக்குப் பைத்தான் ஒரு குறிக்கு 2 பைட் ஒதுக்குகிறது. ஆயிரம் குறி உரைக்கு 1 எம்பி, பத்தாயிரத்துக்கு 100 எம்பி, ஒரு லட்சத்துக்கு 10 ஜிபி. சிறு உரையில் மின்னல் போல ஓடிய நிரல் பெரிய உரையில் விடை தராமல் நினைவகத்தை விழுங்கத் தொடங்கினால் காரணம் இதுதான். `t[i:i+40]` என்று வெட்டிவிட்டால் தீர்ந்தது. 40 குறிகளுக்கு மேற்படாத எந்தச் சொல்லுக்கும் விடை சரியாகவே இருக்கும், ஒரு சொல்லைத் தேட அது தாராளம். நீள வரம்பே கூடாது என்றால் 1, 2, 4, 8 என்று ஒப்பிடும் நீளத்தை இரட்டித்துக்கொண்டே போகும் முறை இருக்கிறது. குறள் அளவுக்கு நான் அதை நாடமாட்டேன்.

மூன்றாவது போட்டியாளர் சஃபிக்ஸ் ட்ரீ. சஃபிக்ஸ் அரேயைவிட இது மூத்தது: பீட்டர் வைனர் 1973-இல் கொடுத்தது. வால்களின் பொதுத் தொடக்கங்களைக் கிளைகளாக்கி ஒரு மரம் கட்டுகிறது. தேடும் சொல்லின் நீளம் எவ்வளவோ அவ்வளவு அடிகளில் விடைக்கு வந்துவிடுகிறது, உரையின் நீளம் அங்கே குறுக்கிடுவதே இல்லை. காகிதத்தில் இதுதான் வெற்றியாளர். ஆனால் ‘படபடப்பு’க்கே எட்டு இலை, வேரையும் சேர்த்து நான்கு உட்கணு, ஆகப் பன்னிரண்டு கணுக்கள் வேண்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் தன் தொடக்கம், முடிவு, பிள்ளைகளின் முகவரி எல்லாவற்றையும் சுமக்கிறது. சஃபிக்ஸ் அரேக்கு ஓர் இடத்துக்கு 4 பைட் எண் ஒன்று போதும்.

மரம் அறிந்த செய்தியும் அரேக்குள் இருக்கிறது. அடுத்தடுத்த வால்கள் எத்தனை குறிகள் ஒத்துப்போகின்றன என்று எண்ணிப் பாருங்கள்: 2, 0, 3, 1, 1, 0, 0. இருமுறை வரும் மிக நீண்ட துண்டு ‘படப’ என்று அந்த 3 காட்டிவிடுகிறது. மரத்தின் உட்கணுக்களான ‘டப’, ‘படப’, ‘ப’ மூன்றும் இந்த எண்களிலேயே தெரிகின்றன. 34 ஒப்பீடுகளை இன்னும் குறைப்பதற்காக மரத்தைக் கட்டிப் பராமரிப்பது, நிலையான உரைக்கு, வீண் சுமை என்றே கருதுகிறேன்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலை மட்டும் தனியே பார்க்க வேண்டும். `find("படப")` கொடுத்த இரண்டாவது விடை உண்மையில் ‘படப்’. குறிகளாகப் பார்த்தால் பொருத்தம், எழுத்துகளாகப் பார்த்தால் இல்லை. ‘உலக’ என்று தேடி ‘உலகு’, ‘உலகெனின்’ இரண்டையும் பிடிப்பதற்கு இதே நெகிழ்வுதான் கைகொடுத்தது. ‘கல’ என்று தேடுபவருக்குக் ‘கல்’ வந்து நிற்பதோ தொல்லை. நேரடித் தேடலில் ஒவ்வொரு விடையின் அடுத்த குறியையும் சோதிக்க வேண்டும். சஃபிக்ஸ் அரேயில் இன்னோர் எல்லை போதும். யூனிகோடில் தமிழ் மெய் வரிசைக்குப் பிறகுதான் துணைக்குறிகள் வருகின்றன, அவற்றில் முதலாவது ஆகாரக் கால். அதனால் `bisect_right` இருக்கும் வரியை இப்படி மாற்றினால் எழுத்துக்கு எழுத்து பொருந்துபவை மட்டும் மிஞ்சும்:

```python
b = bisect_left(sa, p + "\u0BBE",
                key=lambda i: t[i:i+len(p)+1])
```

இப்போது ‘படப’வுக்கு விடை `[0]`. சொல்லை ஒட்டி வளைந்த மேற்கோள் குறியோ நீண்ட கோடோ வந்தால் இந்த எல்லை தவறும், ஏனென்றால் அவற்றின் எண்கள் துணைக்குறிகளைவிடப் பெரியவை. எண்ணிக்கை ஒன்றிரண்டு குறைகிறதா என்று `t.count("உலக")`-உடன் முதல் `find`-ஐயும், அந்த மேற்கோளையும் கோட்டையும் நேர்க்குறிகளாக மாற்றிய உரையில் கிடைக்கும் எண்ணிக்கையுடன் இரண்டாவதையும் ஒத்துப் பார்த்துவிட்டே அடைவுக்கு எண்களைக் கொடுங்கள்.