பெட்ரோல் மூடியில் ஏர் ஹோல் அடைப்பு: கழுவுவதா, மாற்றுவதா, துளை போடுவதா?

திண்டுக்கல்லிலிருந்து ஒட்டன்சத்திரம் போகும்போது என் பழைய 100 சிசி கார்புரேட்டர் வண்டி இழுத்து இழுத்து நின்றது. மூடியைத் திறந்தேன், 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. மூடியதும் ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச தூரத்தில் மறுபடி நின்றது.

பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்துக்கொள்ளும். டேங்க் நிறைய இருந்தால் மேலே காற்றுக்கு இடம் குறைவு, அதனால் வண்டி இன்னும் சீக்கிரமே நின்றுவிடும். பங்கில் டேங்கை நிரப்பிய பிறகு தொந்தரவு கூடினால் பலரும் பெட்ரோலைத்தான் குறை சொல்கிறோம்.

ஆனால் மூடியைத் திறந்த நேரத்தில் சூடேறி வண்டியை நிறுத்திய இக்னிஷன் காயிலும் ஆறியிருக்கலாம். அதனால் மூடி திறந்ததும் ஓடியதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்ஜின் ஆறிய பிறகு, மூடியை மூடியபடியே கார்புரேட்டர் அடியிலுள்ள டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடியுங்கள். தாரையாக வந்தது சொட்டாகக் குறைந்து, மூடியைத் திறந்ததும் மறுபடி தாரையானால் அடைப்பு மூடியில்தான். திறந்தும் சொட்டாகவே வந்தால் பெட்ரோல் டேப்பிலுள்ள வலையைப் பாருங்கள்.

சரி, இனி என்ன செய்வது? ஒர்க்‌ஷாப்பில் முதலில் சொல்வது மூடியில் ஒரு துளை போடுவதுதான். ஐந்து நிமிட வேலை, வண்டியும் ஓடும். ஆனால் மழை பெய்தாலும் வாட்டர் வாஷ் விட்டாலும் அந்தத் துளை வழியே தண்ணீர் இறங்கும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். வண்டி சாய்ந்தால் பெட்ரோல் வெளியே கசியும், சூடான இன்ஜின் அதற்கு நேர் கீழேதான் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

புது மூடி நல்ல தீர்வுதான். ஆனால் மூடிக்குத் தனிச் சாவி வந்து சேரும், இல்லையென்றால் லாக் செட் முழுவதையும் மாற்ற வேண்டும். மலிவான மூடியில் காற்றுப் பாதையே சரியாக இல்லாததும் உண்டு. வாங்கினால் அதற்கும் அதே பாட்டில் சோதனையைச் செய்து பாருங்கள்.

நான் கழுவிப் பார்த்தேன். மூடியைக் கழற்றி ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கிளட்ச் கேபிளின் ஒற்றை இழையை அடிப்பக்கத் துளையில் மெதுவாக விட்டேன். களிமண் மாதிரி பழைய பாலிஷ் திரண்டு வந்தது. உள்ளே குண்டு வால்வு உள்ள மூடியென்றால் கம்பி விடாமல், கார்ப் கிளீனர் அடித்து மெல்லிய காற்று மட்டும் கொடுங்கள். துரு ஏறி வால்வு இறுகியிருந்தால்தான் புது மூடிக்குப் போக வேண்டும்.

பிஎஸ்6 வண்டிகளில் காற்று, பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டரின் ஹோஸ் வழியாகவும் போய்வரும். அங்கே மூடியை நோண்டும் முன் அந்த ஹோஸ் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.