கிம்ப்பில் ஏழு வருடம்: படத்தில் ஒட்டாமல் நின்ற அண்ணன்

2018-ல் படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பின் 2.10 பதிப்பு வந்ததிலிருந்து, குடும்பப் படங்களில் ஆள் சேர்க்கும் வேலையை அதில்தான் செய்கிறேன். வெட்டியெடுப்பது சீக்கிரம் கைவந்துவிட்டது. வெளிச்சமும் நிறமும் பொருந்திய பிறகும் ஆள் ஸ்டிக்கர் போல ஏன் தெரிகிறார் என்று புரியத்தான் நாளானது.

அக்காவின் கல்யாண வரவேற்புப் படத்தைச் சொல்கிறேன். மண்டபத்தின் மங்கிய வெளிச்சத்தில் போனில் எடுத்தது. ஷார்ஜாவிலிருந்து வர முடியாத அண்ணனை, அவருடைய ஸ்டுடியோ படத்திலிருந்து எடுத்துச் சேர்த்தேன். 4000 பிக்சல் உயரத்தை 1400-க்குச் சுருக்கியதும், நாய்ஸ் என்கிற புள்ளிப்புள்ளியான இரைச்சல் இருந்த கொஞ்சநஞ்சமும் மறைந்து இன்னும் கூர்மையாகிவிட்டார். அதனால் அளவை முதலில் முடிவுசெய்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

கூர்மையைக் கண்ணால் மட்டும் மதிப்பிடாதீர்கள். 400% பெரிதாக்கி, பக்கத்தில் நிற்கும் மாமாவின் சட்டைக் காலரைப் பார்த்தேன். வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாற அங்கே நான்கு பிக்சல் ஆனது. அண்ணன் காலரில் இரண்டே பிக்சல்தான். படத்தை மங்கலாக்கும் Gaussian Blur ஃபில்டரை 0.5-ல் தொடங்கி மெல்ல ஏற்றினேன், 1.1-ல் இரண்டும் ஒன்றாயின. இங்கே நான் பல மாதம் ஏமாந்த இடம் ஒன்று உண்டு: ஆளைச் சுற்றியுள்ளதை மறைக்கும் லேயர் மாஸ்க் தனியாக இருந்தால் மங்கல் படத்தில் மட்டும்தான் விழும், வெட்டிய ஓரம் கத்திபோல அப்படியே நிற்கும். பழைய பின்னணியின் நிறமும் உள்ளே கசியும். பிரதி ஒன்று வைத்துக்கொண்டு, Apply Layer Mask கொடுத்துவிட்டு மங்கலாக்குங்கள்.

நாய்ஸ் அதற்கு அப்புறம்தான். முன்பே சேர்த்தால் மங்கல் அதைத் தின்றுவிடும். 50% சாம்பல் நிறத்தில் ஒரு லேயர், மோடு Overlay, அதில் RGB Noise. ஆனால் அது மணல் தூவியதுபோல ஒவ்வொரு பிக்சலாகத் தெரியும். போன் தானே நாய்ஸை அழுத்திக் குறைத்து ஜேபெக்காகச் சேமிப்பதால், மிஞ்சுவது இரண்டு மூன்று பிக்சல் அகலத் திட்டுகள். ஆகவே நாய்ஸைச் சற்றுத் தூக்கலாகப் போட்டு, அந்த லேயரையே 0.7 மங்கலாக்கினேன். அண்ணன் அணிந்த இருண்ட கோட்டில் அதிகமாகவும் நெற்றியில் குறைவாகவும் இருக்கும்படி, லேயர் மாஸ்க்கில் சரிசெய்தேன்.

சரிபார்க்க, Channels-இல் சிவப்பையும் பச்சையையும் அணைத்து நீலத்தை மட்டும் பாருங்கள். போன் படத்தில் நாய்ஸ் பெரும்பாலும் அங்கேதான் மோசமாக இருக்கும். ஒட்டாத ஆள் உடனே தனித்துத் தெரிவார்.

2025-ல் வந்த 3.0-இல் ஃபில்டர்கள் லேயரிலேயே தங்குகின்றன. 1.1 அதிகம் என்று தோன்றினால் மறுநாள் திறந்து 0.9 ஆக்கலாம். இந்த வேலைக்கு அதைவிடப் பெரிய உதவி எனக்குக் கிடைத்ததில்லை.

தீராத குறை ஒன்று: போன் பூசி மெழுகிய தோலின் வழவழப்பை எந்த நாய்ஸும் கொண்டுவராது. 4×6 பிரிண்ட்டில் அது தெரியவில்லை. 12×18-இல் அண்ணன் கன்னத்தில் மட்டும் இன்னும் தெரிகிறது.