கசிந்த பாட்டு யாரிடமிருந்து போனது? வாட்டர்மார்க்கா, ஃபிங்கர்பிரிண்டா?

வெளிவராத பாட்டை ஐந்து பேருக்கு அனுப்புகிறீர்கள்; அது இணையத்தில் கசிகிறது. ஃபிங்கர்பிரிண்ட் என்பது பாட்டின் கைரேகை; அது ஒலியில் எதையும் சேர்ப்பதில்லை. எந்த நொடியில் எந்த அலைவரிசை பலமாக ஒலிக்கிறது என்று காட்டும் படத்தில் ஓங்கி நிற்கும் உச்சப்புள்ளிகளின் இடைவெளிகளைக் குறித்துவைக்கிறது. 64 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினாலும், ஸ்பீக்கரில் ஓடவிட்டு போனில் பதிந்தாலும் அந்த உச்சங்கள் பெரும்பாலும் தப்பும். ஆனால் ஐந்து பிரதிகளுக்கும் ஒரே ரேகைதான். கசிந்தது உங்கள் பாட்டு என்று சொல்லும், யார் கசியவிட்டார் என்று சொல்லாது.

அதற்கு வாட்டர்மார்க்தான் வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் வேறு எண்ணைக் காதுக்குக் கேட்காமல் புதைக்க வேண்டும். எங்கே புதைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 18 கிலோஹெர்ட்ஸில் ஒளித்தால் பெரும்பாலான பெரியவர்களுக்குக் கேட்காது. ஆனால் 128 கேபிபிஎஸ் எம்பி3 பொதுவாக 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடும், குறியும் போய்விடும். அதனால் பாட்டு பலமாக ஒலிக்கும் நடு அலைவரிசைகளில், அந்தச் சத்தத்தின் மறைவிலேயே பரப்பி, பலமுறை திருப்பி எழுதுவார்கள். விலையாக, நொடிக்குச் சில பிட்டுகளே கிடைக்கும். ஐந்து பேரைப் பிரிக்க மூன்று பிட் போதும், ஆகவே கவலையில்லை.

அப்புறம், பத்து நொடித் துண்டு மட்டும் கசிந்தால் வாட்டர்மார்க் திணறலாம்; ஃபிங்கர்பிரிண்டுக்கு அது தாராளம். இருவர் தங்கள் பிரதிகளைக் கலந்து சராசரி எடுத்தாலும் குறி மங்கும். என் தேர்வு: அனுப்பும்போதே வாட்டர்மார்க், தேடிக் கண்டுபிடிக்க ஃபிங்கர்பிரிண்ட்.