படி வைத்த விரிவுரை மண்டபத்தில் இடமாற்றுக் காற்றோட்டம்: மூன்று வருட அனுபவம்

எங்கள் மண்டபத்தில் எட்டு வரிசைகள், வரிசைக்குப் பதினைந்து இருக்கைகள். ஒவ்வொரு வரிசையும் முன்னதைவிட 20 சென்ரிமீற்றர் உயரம். முதல் வரிசைப் பிள்ளைகள் காலைத் தூக்கி இருக்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு குறிப்பெழுதுவார்கள். அதே நேரத்தில் எட்டாம் வரிசையில் கொப்பிமட்டையால் விசிறிக்கொண்டிருப்பார்கள். கிளிநொச்சிப் பக்கத்துக் கல்வி நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இந்த மண்டபத்தை மூன்று வருடமாகப் பராமரிக்கிறேன். முதல் வருடம் முழுவதும் இந்தக் காட்சியோடுதான் போனது.

இந்த மண்டபத்தில் இருக்கும் முறைக்கு ஆங்கிலத்தில் displacement ventilation என்று பெயர். Displacement என்பதை 'இடப்பெயர்வு' என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வன்னியில் அந்தச் சொல் வேறொன்றைச் சொல்லும். ஆகவே இடமாற்றுக் காற்றோட்டம் என்கிறேன். கூரையிலிருந்து குளிர்காற்றை வீசி அறை முழுவதையும் கலக்கும் முறை அல்ல இது. இலேசான குளிர்காற்றைத் தரைமட்டத்தில், செக்கனுக்கு 0.2 மீற்றர் அளவு மெதுவாக விடுகிறோம். அது தண்ணீர் போலத் தரையில் பரவுகிறது. மனிதர் இருக்கும் இடத்தில் உடற்சூடு அதை மேலே இழுக்கிறது. மூச்சோடு கலந்த சூடான காற்று கூரைக்கடியில் சேர்ந்து, அங்கிருந்து வெளியேறுகிறது. கீழே தூய காற்று, மேலே பழைய காற்று. இரண்டும் பிரியும் மட்டம்தான் அடுக்குப் பிரிவு உயரம். இது மூக்குக்கு மேலே நிற்க வேண்டும்.

வடிவமைப்புக் கோவையை எடுத்துப் பார்த்தேன். கணக்கு ஒழுங்காகவே இருந்தது. 120 பேருக்குத் தலா 75 வாற்று வீதம் 9 கிலோவாற்று. விளக்கு, புரொஜெக்டர், கூரை, சுவர் எல்லாம் சேர்ந்து இன்னும் 5. மொத்தம் 14. இவை அனைத்தும் கணுக்காலுக்கும் தலைக்கும் இடைப்பட்ட காற்றைச் சூடாக்குவதில்லை. மனிதரும் கருவிகளும் தரும் வெப்பத்தில் 30 வீதமளவு, விளக்கில் 13 வீதம், கூரை சுவரில் 18 வீதமளவு மட்டுமே அந்த இடைவெளியில் தங்கும் என்று எடுத்துக்கொள்வார்கள். கூட்டினால் மூன்றரைக் கிலோவாற்று வருகிறது. உட்கார்ந்திருப்பவரின் கணுக்காலுக்கும் தலைக்கும் 3 பாகைக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இரண்டரை பாகை என்று வைத்தால் செக்கனுக்கு ஏறக்குறைய 1200 லீற்றர் காற்று வேண்டும், ஆளுக்குப் பத்து லீற்றர். தலையருகே 26 பாகை, கணுக்காலில் 23.5, தரையைத் தொட்டு வரும்போது ஏறும் சூட்டைக் கழித்தால் வழங்கு வெப்பநிலை 21.5. கூரையடியில் வெளியேறும் காற்று 31 பாகை.

பிழை எங்கே என்றால், இந்தக் கணக்கு சமதரைக்கானது. எங்கள் மண்டபத்தில் காற்று முழுவதும் மேடைக்குப் பக்கத்துச் சுவரிலிருந்த இரண்டு பெரிய வாய்களால் வந்தது. குளிர்காற்று படியேறாது. முன்பள்ளத்தில் குளம்போலத் தேங்கி நிற்கும். எட்டாம் வரிசையின் தரை முதல் வரிசையைவிட 1.4 மீற்றர் உயரம், அங்கே இருப்பவரின் தலை 2.6 மீற்றரில்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு ஊதுபத்தி போதுமாக இருந்தது. மண்டபம் நிறைந்து அரை மணி நேரம் ஆனபின் முதல் வரிசையருகே தரையோடு பிடித்தேன். புகை கிடையாகத் தவழ்ந்து, ஒரு மாணவியின் முழங்காலைத் தொட்டதும் நிமிர்ந்து, அவருடைய தோளை ஒட்டி ஏறியது. தலைக்கு மேலே சற்றுத் தூரம் போனதும் ஏறுவதை நிறுத்தி, வெள்ளைத் துணியை விரித்தாற்போலப் பக்கவாட்டில் படர்ந்து அசையாமல் நின்றது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன், 1.8 மீற்றர். நான்காம் வரிசையின் தலைமட்டம் அதுதான். ஐந்து முதல் எட்டு வரை அறுபது பேரும் மற்றவர்கள் விட்ட காற்றுக்குள் இருந்தார்கள். காபனீரொட்சைட்டு மானி முன்வரிசையில் பத்து இலட்சத்துக்கு 1000 பங்கு, கடைசி வரிசையில் 1400 காட்டியது.

இது தெரிவதற்கு முன் நாங்கள் செய்த இரண்டு காரியங்களும் நிலைமையைக் கெடுத்தன. முதலாவது, "சேர், பின்னால் வேர்க்கிறது" என்று பிள்ளைகள் சொன்னதும் வழங்கு வெப்பநிலையை 18க்கு இறக்கினேன். பின்வரிசையில் சூடு குறைந்தது உண்மை, ஆனால் மானி அசையவில்லை. பிரிவு உயரத்தைத் தீர்மானிப்பது காற்றின் அளவும் உடல்களிலிருந்து எழும் வெப்பத் தாரைகளும்தான். எல்லாத் தாரைகளும் சேர்ந்து மேலே கொண்டுபோகும் காற்று, நாம் கீழே விடும் காற்றுக்குச் சமமாகும் உயரத்தில் அந்த மட்டம் நிற்கும். வெப்பநிலையை இறக்குவதால் அது உயராது. முன்வரிசைக் கணுக்காலில் 20 பாகை பட்டதுதான் மிச்சம்.

இரண்டாவது, யாரோ கூரை மின்விசிறிகளைப் போட்டார்கள். அடுக்கு கலைந்தது. கலைந்த அறையில் கீழே தூய காற்று என்று ஒன்று இல்லை. 21.5 பாகையில் காற்று விட்டாலும் மண்டபம் முழுவதும் வெளியேறு காற்றின் 31 பாகையை நோக்கிப் போகும். விசிறிக் காற்றில் வேர்வை உலர்வதால் பிள்ளைகளுக்குச் சுகமாகத் தெரிந்தது. எனக்கு அது ஏமாற்றாகவே பட்டது.

திருத்தம் இரண்டாம் வருட விடுமுறையில் நடந்தது. படிகளுக்கு அடியில் வெற்றிடம் இருந்தது. கறையானைத் துப்புரவாக்கி, சீமெந்து பூசி, பொருத்துகளை அடைத்து அதையே காற்றுப்பெட்டி ஆக்கினோம். ஏழு படிகளின் நிமிர்முகத்திலும் ஒன்பது மீற்றர் நீளத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அகலத் துளைத்தகடு. மொத்தப் பரப்பு 6.3 சதுரமீற்றர், ஆகவே முகவேகம் 0.2க்குச் சற்றுக் கீழே. முதல் வரிசைக்குப் பழைய வாய்களில் ஒன்றைச் சிறிதளவு திறந்து விட்டோம். இப்போது ஒவ்வொரு வரிசைக்கும் அதன் காலடியிலேயே தரை தொடங்குகிறது. உட்கார்ந்திருப்பவரின் தாரை தலைமட்டத்தில் இழுப்பது செக்கனுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு லீற்றர், நாங்கள் விடுவது பத்து. ஆக மட்டம் மூக்கைச் சுற்றியே நிற்கிறது, தாராளமாக இல்லை. நின்றுகொண்டு படிப்பிப்பவரின் தலையையும் தூய காற்றில் வைக்க இருபதுக்கு மேல் வேண்டும், அதற்கு இயந்திரம் போதாது. துளைத்தகடு குதிகாலுக்கு ஒரு சாண் தூரத்தில் இருப்பதால் 21க்குக் கீழே இறக்குவதில்லை என்று முடிவெடுத்தேன். கடைசி வரிசையில் மானி இப்போது 1100ஐத் தாண்டுவது அரிது.

மாரியில் வேறு தொல்லை. கார்த்திகை மார்கழியில் வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, 23, 24 பாகை. துளைத்தகட்டுக்கு முன்னாலுள்ள தரை 22 பாகை. வகுப்பு மாறும்போது கதவைப் பத்து நிமிடம் அகலத் திறந்து வைத்தால் தரையோடுகளில் மெல்லிய நீர்ப்படலம் பிடிக்கும். சிரட்டை விளிம்புபோல வளைந்த கோடாகத் தகட்டை ஒட்டியே அது தெரியும். ஒரு மாணவன் அதில் வழுக்கி விழுந்தான். வெளிக்காற்றைச் சுருளில் 13 பாகைவரை குளிர்வித்து ஈரத்தை உதறி, அதோடு ஏறக்குறையச் சம அளவு கூரைக்காற்றைக் கலந்து 21.5க்குக் கொண்டுவருகிறோம். மின்சாரத்தில் மீண்டும் சூடாக்கும் செலவு இதனால் இல்லை. ஆனால் ஆளுக்கு ஐந்து லீற்றர்தான் புதிய காற்று. மானி முன்வரிசையிலேயே 1000 காட்டுவதற்குக் காரணமும் அதுதான். மாரிக்காலத்தில் கதவுகளில் ஒன்றை மட்டும் பாவிக்கச் சொல்லியிருக்கிறேன்.

கோடையில் சோளகம் வீசும்போது A9 வீதிப் புழுதியெல்லாம் வடிகட்டியில். காற்று 1200இலிருந்து 900க்கு இறங்கினாலும் காலடிக் குளிர் குறையாததால் ஒருவரும் முறையிட மாட்டார்கள். மட்டம் மட்டும் மெல்ல நாடிக்குக் கீழே வந்துவிடும். அதனால் வைகாசி முதல் ஆவணி வரை மாதம் இருமுறை ஊதுபத்தி பிடிக்கிறேன். சென்ற கிழமை எட்டாம் வரிசையில் புகை நெற்றிமட்டத்தில் படர்ந்தது. ஆறாம் வரிசையின் இடப்பக்கத்தில் மட்டும் கழுத்தளவு. தகட்டைக் கழற்றினால் உள்ளே குளவிக்கூடு. அதை எடுத்துவிட்டேன்.