WM 820-ஆ, WM 970-ஆ: ஜெர்மனி வாடகை விளம்பரத்தில் நான் எதை எடுத்தேன், ஏன்?

போன வருடம் நூரெம்பர்கில் வீடு தேடியபோது கடைசியில் இரண்டு விளம்பரங்கள் மிஞ்சின. சுருக்கெழுத்து புரியாவிட்டால் முதலாவதுதான் மாதம் 150 யூரோ மலிவு என்று தோன்றும்.

```
3 Zi., DG, ca. 64 m², KM 690, NK 130, WM 820,
GEH, KT 3 MM, Bj. 1958, B 210 kWh/(m²a), Gas, G

2,5 Zi., 2. OG, Wfl. 60 m², KM 760, NK 130, HK 80, WM 970,
FW, KT 2 MM, Bj. 1994, V 95 kWh/(m²a), C
```

Zi. அறை, DG கூரைக்குக் கீழுள்ள மாடி, OG மேல்தளம், Bj. கட்டிய வருடம், கடைசியில் வரும் G, C கட்டடத்தின் எரிசக்தித் தரம். KM வெறும் வாடகை. NK என்பது குப்பை, தண்ணீர், படிக்கட்டுச் சுத்தம் போன்றவற்றுக்கு மாதாமாதம் கட்டும் முன்தொகை. HK வெப்பமூட்டும் செலவு. எல்லாம் சேர்ந்தது WM. மின்சாரமும் இணையமும் வழக்கமாக WM-இல் வராது. இரண்டு வீட்டுக்கும் அது பொது என்பதால் விட்டுவிடலாம்.

நான் இரண்டாவதை எடுத்தேன். காரணம் முதல் விளம்பரத்தில் இருக்கும் GEH என்ற மூன்று எழுத்து. அந்த வீட்டுக்குள்ளேயே தனி எரிவாயுக் கொதிகலன் இருக்கிறது, எரிவாயு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டுவது வாடகைக்காரர் என்று அர்த்தம். அதனால்தான் அந்த விளம்பரத்தில் HK என்ற வரியே இல்லை. 820 என்று போட்டிருந்தாலும் குளிர்காலச் செலவு அதற்கு வெளியே நிற்கிறது.

அது எவ்வளவு வரும்? விளம்பரத்தில் B, V என்ற எழுத்துக்குப் பின்னால் வருவது எரிசக்திச் சான்றிதழ் எண், சதுர மீட்டருக்கு வருடம் எத்தனை யூனிட் என்று. அதை வைத்துத் தோராயமாகப் போடலாம். 210-ஐ 64 சதுர மீட்டரால் பெருக்கினால் வருடம் 13,440 யூனிட். ஒரு யூனிட் 11 சென்ட் என்று வைத்தால் ஏறக்குறைய 1,480 யூரோ, மாதத்துக்கு 123. ஆக, உண்மையான தொகை 943. 150 யூரோ வித்தியாசம் 27 ஆகிவிட்டது! எரிவாயு விலை ஏறினால் அதுவும் இருக்காது.

இந்தக் கணக்கை அப்படியே நம்பிவிடவும் கூடாது. B என்றால் கட்டடத்தைப் பார்த்துக் கணக்கிட்ட தேவை. சிக்கனமாக வாழ்பவருக்குக் குறைவாகவே ஆகலாம். V என்றால் முன்பு குடியிருந்தவர்கள் உண்மையில் செலவழித்த அளவு. இரண்டுமே முழுக் கட்டடத்தின் சராசரி. கூரைக்குக் கீழே இருக்கும் வீடு சராசரியைவிட அதிகம் குடிக்கும் என்பதைச் சேர்த்துப் பார்த்தபோது எனக்குத் தயக்கம் கூடியது.

இரண்டாவதில் FW, அதாவது ஊருக்குப் பொதுவான வெந்நீர்க் குழாய் வெப்பம். HK 80 என்பதும் முன்தொகைதான். வருடக் கணக்கில் கூடினால் கட்ட வேண்டும், குறைந்தால் திரும்ப வரும். கணக்குக் காலம் முடிந்த 12 மாதத்துக்குள் வீட்டுக்காரர் கணக்கைத் தர வேண்டும். முன்தொகையை வேண்டுமென்றே குறைத்துப் போட்டு WM-ஐ அழகாகக் காட்டுபவர்களும் உண்டு. அதனால் போன வருடக் கணக்கைக் காட்டச் சொல்லிக் கேட்டேன்; காட்டினார்கள். முன்தொகைக்கும் செலவுக்கும் பெரிய இடைவெளி இல்லை.

பரப்பளவில் இன்னொரு விஷயம். இரண்டாவதில் Wfl. என்று இருக்கிறது, முதலாவதில் வெறும் 'ca. 64'. Wfl. என்றால் விதிப்படி அளந்த குடியிருப்புப் பரப்பு: கூரைச் சரிவில் உயரம் 1 மீட்டருக்குக் கீழே உள்ள இடம் கணக்கிலேயே வராது, 1 முதல் 2 மீட்டர் வரை பாதி, பால்கனி பெரும்பாலும் கால் பங்கு. முதல் வீட்டைப் பார்க்கப் போனபோது கேட்டதில், 64 என்பது சுவரிலிருந்து சுவர்வரை அளந்த தரை என்றார்கள். சரிவுகளைக் கழித்தால் 55 தேறினால் பெரிது என்று பட்டது. அப்படிப் பார்த்தால் சதுர மீட்டருக்கு KM 12.50 சொச்சம், இரண்டாவதும் கிட்டத்தட்ட அதேதான்.

KT அட்வான்ஸ், MM மாத வாடகை. KM-இன் மூன்று மடங்குக்கு மேல் சட்டப்படி கேட்க முடியாது, மூன்று தவணையாகக் கட்டலாம். முதலாவது 2,070, இரண்டாவது 1,520. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்களுக்கு இரண்டும் லேசுதான். திரும்ப வரும் பணம் என்பதால் இதை வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

GEH வீட்டில் நான் குடியிருந்ததில்லை. இருக்கும் நண்பர்கள் சொல்லும் நன்மை ஒன்று உண்டு: எரிவாயு நிறுவனத்தை நீங்களே மாற்றிக்கொள்ளலாம். FW-இல் அந்த வாய்ப்பு இல்லை, அந்த ஊரில் வெப்பம் தரும் நிறுவனம் சொல்வதுதான் விலை. குளிர்காலத்தில் நீண்ட நாள் ஊருக்குப் போய்விடுபவராகவும் நிமிர்ந்து நடக்க நிறைய இடம் தேவைப்படாதவராகவும் இருந்தால் முதல் வீடே லாபமாக அமையலாம்.